சிங்க் கான்ஃப்ளிக்ட்: தமிழில் ஒத்திசைவு முரண்

ஆர்டர் ஆப் வைத்து கடை கடையாக லைனுக்குப் போகிற சேல்ஸ்மேன்கள் "சிங்க் ஆகலை", "சிங்க் கான்ஃப்ளிக்ட்" இரண்டையும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டும் வேறு. சிங்க் ஆகவில்லை என்றால் ஆர்டர் இன்னும் போனுக்குள்ளேயே இருக்கிறது, சிக்னல் வந்தால் போய்விடும். ஒரே பதிவை போனில் ஒருவரும் ஆபீசில் ஒருவரும் தனித்தனியாக மாற்றிவிட்டு, அப்புறம் இரண்டும் சந்திக்கும்போது எதை வைத்துக்கொள்வது என்ற நிலை வருகிறதே, அதுதான் கான்ஃப்ளிக்ட். ஆர்டர் காணாமல் போவது பெரும்பாலும் இங்கேதான்.

சிங்க் என்பது 'சிங்க்ரனைஸ்' என்பதன் சுருக்கம். கிரேக்கத்தில் 'சின்' என்றால் சேர்ந்து, 'க்ரோனோஸ்' என்றால் காலம். கான்ஃப்ளிக்ட் லத்தீன் வழி வந்தது, ஒன்றோடொன்று முட்டுவது என்று பொருள். தமிழில் சிங்குக்கு ஒத்திசைவு நன்றாகவே நிலைத்துவிட்டது. கான்ஃப்ளிக்டுக்கு மோதல் என்றும் எழுதுகிறார்கள், எனக்கு முரண்தான் சரி என்று படுகிறது, ஏனென்றால் இரண்டு பதிவுமே உண்மையாக இருக்கலாம், ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

பாகூரில் ஒரு மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கடைக்கு நேற்றே போட்ட ஆர்டர் ஒன்று பில் ஆகாமல் இருக்கிறது. காலை 11:10-க்கு, சிக்னல் இல்லாத இடத்தில், சேல்ஸ்மேன் அதில் சோப்பு 4 பெட்டி சேர்க்கிறார். 12 மணிக்கு கடைக்காரர் புதுச்சேரி ஆபீசுக்கே போன் போட்டு பிஸ்கட் 2 பெட்டி சொல்ல, அங்கே அதே ஆர்டரைத் திறந்து சேர்க்கிறார்கள். 1:30-க்கு கன்னியக்கோயில் பக்கம் சிக்னல் கிடைத்து போன் தன்னிடம் உள்ளதை அனுப்புகிறது. 'கடைசியாக எழுதியதே செல்லும்' என்ற விதியில் ஓடும் ஆப் என்றால், எழுதிய நேரத்தைப் பார்த்து சோப்பைத் தள்ளிவிடும். வந்து சேர்ந்த நேரத்தைப் பார்த்தால் சோப்பு நிற்கும், பிஸ்கட் போய்விடும். எப்படிப் பார்த்தாலும் ஒன்று போச்சு, திரையில் பிழை என்று எதுவும் வராது.

கொஞ்சம் கண்டிப்பான சர்வர் பதிப்பு எண்ணைப் பார்த்து, "நீ வைத்திருப்பது பழையது" என்று `409 Conflict` பதில் அனுப்பும். அது சரியான வேலைதான். ஆனால் எந்தப் பதில் வந்தாலும் அனுப்பியாச்சு என்று, அனுப்பக் காத்திருக்கும் வரிசையிலிருந்து அழித்துவிடும்படி ஆப் எழுதப்பட்டிருந்தால், சர்வர் ஏற்காத ஆர்டர் போனிலும் இருக்காது.

எனவே ஆப் செய்து தருகிறவரிடம் இரண்டு விஷயத்தை வற்புறுத்திக் கேளுங்கள். சேல்ஸ்மேன் ஆர்டரில் சேர்க்கும் ஒவ்வொரு பொருளின் வரியும் போனிலேயே தனி அடையாள எண்ணோடு புதுப் பதிவாக உருவாக வேண்டும், இருக்கிற ஆர்டரின் மேல் எழுதக் கூடாது. அந்த எண்ணைச் சொல்லி சர்வர் "பெற்றுக்கொண்டேன்" என்ற பிறகுதான் போனில் உள்ளது அழிய வேண்டும். அதே எண் இருந்தால், சிக்னல் விட்டுவிட்டு வந்து ஒரே வரி இரண்டு முறை போனாலும் சர்வர் ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும்.

அதுவரை, மாலையில் சேல்ஸ்மேன் போனில் எடுத்த ஆர்டர்களை ஆபீஸ் பட்டியலோடு வரிவரியாகச் சரிபார்ப்பதுதான் வழி. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் பாகூர் ஆர்டர் ஒன்றாகவே தெரியும், சோப்பு போனது தெரியாது. வித்தியாசம் வந்தால் ஆப்பை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யாதீர்கள், போகாமல் நிற்கும் ஆர்டர்களும் அதோடு அழிந்துவிடும்.