எட்டு நாளில் வராவிட்டால் வேலை போய்விடுமா? ஒரு விடுப்பு விதியைத் தமிழில் எழுதும் முறை

கோவையிலிருந்து வாளையாறு தாண்டிக் கேரளத்தின் கஞ்சிக்கோட்டுப் பக்கம் போனால், பல ஆலைகளின் வாயிற்பலகையில் மூன்று மொழிகளில் அறிவிப்பு ஒட்டியிருக்கும்: ஆங்கிலம், மலையாளம், தமிழ். தமிழ்த் தாளுக்கு முன்னால் நிற்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாசகர்கள் அல்லர். கோவை, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து தினமும் வந்து போகிறவர் தமிழ்வழியில் படித்தவராக இருப்பார். கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளத்தில் வீட்டில் தமிழே பேசி வளர்ந்தவர் மலையாளப் பள்ளியில் படித்திருக்கக்கூடும். அவருக்குத் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்க நேரமாகும்; பக்கத்தில் யாராவது வாசித்தால் உடனே புரியும். அதனால் இந்த ஊர்ப் பலகைக்கு எழுதுகிற தமிழ், ஒருவர் உரக்க வாசிக்க இன்னொருவர் கேட்டுப் புரிந்துகொள்ளும் தமிழாக இருக்க வேண்டும்.

விடுப்பு முடிந்தும் வேலைக்குத் திரும்பாதவர் பற்றிய விதியை எடுத்துக்கொள்வோம். மொழிபெயர்ப்பில் அதிகம் கெட்டுப்போவதும், தொழிலாளியின் பிழைப்பை நேராகத் தொடுவதும் இந்த விதிதான். 1946-ஆம் ஆண்டின் தொழில் நிறுவன நிலையாணைகளுக்கான, அதாவது ஆலைகளின் பணி நிபந்தனை ஆணைகளுக்கான, மத்திய விதிகளில் ஒரு மாதிரி வாசகம் இருந்தது. பல ஆலைகளின் அறிவிப்புகள் அதையொட்டியே எழுதப்பட்டவை. அந்த ஆங்கிலத்தைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் பலகையில் இப்படி ஒரு வாக்கியம் வந்து உட்காரும்:

“தொழிலாளி ஒருவர் ஆரம்பத்தில் வழங்கப்பட்ட அல்லது பின்னர் நீட்டிக்கப்பட்ட விடுப்புக் காலத்திற்கு அப்பால் வருகை தராமல் இருப்பாரேயானால், விடுப்பு காலாவதியான எட்டு தினங்களுக்குள் திரும்பி, தனது இயலாமையை நிர்வாகத்தின் திருப்திக்கு விளக்காத பட்சத்தில், தனது நியமனத்தின் மீதான பிணை உரிமையை இழக்க நேரிடும்.”

இலக்கணப் பிழை என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஐந்து இடங்களில் பொருள் கைநழுவுகிறது.

முதலில் ‘பிணை உரிமை’. ஆங்கிலத்தில் இருக்கும் சொல் ‘லீன்’. அகராதியைத் திறந்தால் கடனுக்கு ஈடாகச் சொத்தின் மேல் இருக்கும் உரிமை என்ற பொருள் வரும். வேலைச் சட்டத்தில் அதன் பொருள் வேறு: ஒருவர் விடுப்பில் இருந்தாலும் அவருடைய இடம் அவருக்கே உரியது, திரும்பி வந்து அதில் உட்காரலாம் என்ற உரிமை. இதற்குப் ‘பணியிட உரிமை’ என்று எழுதினால் எவருக்கும் புரியும், அலுவல் நடையும் கெடாது. அறிவிப்பு முழுவதும் அந்த ஒரே சொல்லைத்தான் எழுத வேண்டும். ஓரிடத்தில் பணியிட உரிமை, இன்னோரிடத்தில் பதவி உரிமை என்று அழகுக்காக மாற்றினால், இரண்டும் வெவ்வேறு போலிருக்கிறது என்று வாசிப்பவர் நினைப்பார்.

அடுத்தது ‘இயலாமை’. குறித்த நாளில் வர முடியாமல் போனதன் காரணத்தைத்தான் ஆங்கிலம் கேட்கிறது. ‘தனது இயலாமையை விளக்க வேண்டும்’ என்று படிப்பவர், உடல் ஊனமுற்றவர்களுக்கான விதி என்று எண்ணிக் கடந்துவிடுவார். ‘ஏன் வர முடியவில்லை என்று விளக்க வேண்டும்’ என்றால் போதும்.

மூன்றாவது ‘காலாவதி’. எல்லைப் பகுதிக்கே உரிய சிக்கல் இது. தமிழில் காலாவதி என்றால் முடிந்துபோனது. மலையாளத்தில் ஏறக்குறைய அதே ஒலியில் வரும் சொல்லுக்குக் கெடு, காலவரை என்று பொருள். மலையாளத்தில் படித்தவரின் காதில் ‘விடுப்பு காலாவதி எட்டு தினம்’ என்று விழுந்தால், விடுப்பே எட்டு நாள்தான் என்று எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘விடுப்பு முடிந்த பிறகு’ என்று எழுதிவிட்டால் இரண்டு பேருக்கும் ஒரே பொருள்தான். இதே இனத்தில் இன்னும் இரண்டைச் சொல்ல வேண்டும். மலையாளத்தில் விடுமுறைக்கு வழங்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் ‘அவதி’ என்று எழுதினால் அது துன்பமாகிவிடும். அங்கே வேலைக்கு வந்திருப்பதைக் குறிக்கும் ‘ஹாஜர்’, பொள்ளாச்சிக்காரருக்குக் கோர்ட்டில் ஆஜராவதை நினைவூட்டும். மலையாள அறிவிப்பை வைத்துக்கொண்டு அவசரமாகத் தமிழ் எழுதும்போது இந்தச் சொற்கள் தெரியாமலே உள்ளே வந்துவிடுகின்றன.

நான்காவது இடம்தான் மிகவும் ஆபத்தானது. ஆங்கிலத்தில் ‘அன்லெஸ்’ என்று தொடங்கி இரண்டு நிபந்தனைகள் வருகின்றன, நடுவில் ‘மற்றும்’ இருக்கிறது. அதாவது எட்டு நாட்களுக்குள் திரும்ப வேண்டும், விளக்கமும் தர வேண்டும், அந்த விளக்கத்தை நிர்வாகம் ஏற்கவும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் போதாது. தமிழில் இதை ‘திரும்பி, விளக்காத பட்சத்தில்’ என்று ஒரு வினையெச்சத்துக்குள் அடக்கினால், எதிர்மறை எதைத் தொடுகிறது என்பது மங்கிவிடுகிறது. திரும்பி வந்தும் விளக்காதவருக்கு மட்டும்தான் தண்டனை, வராமலே இருந்தவருக்கு இல்லை என்றுகூட அதைப் படிக்கலாம். தமிழில் இதற்கு வழி, எதிர்மறையை உடைத்து, செய்ய வேண்டியவற்றை முதலில் சொல்லி, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தனி வாக்கியமாக வைப்பது.

‘திருப்திக்கு விளக்குவது’ என்பதும் அதே இடத்தில் வருகிறது. இதை எளிமையாக்குகிறேன் என்று ‘காரணம் சொன்னால் போதும்’ என எழுதுகிறவர்கள் உண்டு. அது எளிமை அல்ல, பிழை. விளக்கத்தை ஏற்பதா மறுப்பதா என்ற முடிவு நிர்வாகத்தின் கையில் இருக்கிறது என்பதை வாசிப்பவர் அறிந்திருக்க வேண்டும். அப்போதுதான் மருத்துவச் சான்றையோ வேறு ஆதாரத்தையோ கையோடு கொண்டுவருவார்.

ஐந்தாவது, நாள் கணக்கு. ‘எட்டு தினங்களுக்குள்’ என்றால் எந்த நாளிலிருந்து எண்ணுவது? விடுப்பின் கடைசி நாளைச் சேர்ப்பதா? ஞாயிறு உண்டா? சட்டத்தில் ஒரு நாளிலிருந்து கெடுவை எண்ணும்போது அந்த நாளை விட்டு மறுநாளிலிருந்து எண்ணுவது வழக்கம். ஆங்கில வாசகத்தில் ‘வேலை நாட்கள்’ என்ற சொல் இல்லை. அதனால் தமிழிலும் அதைச் சேர்க்கக் கூடாது, ஞாயிறும் கணக்கில் வரும். ஆனாலும் இதை எழுதுபவர் தாமாக முடிவு செய்யாமல், பணியாளர் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, ஓர் எடுத்துக்காட்டை அறிவிப்பிலேயே சேர்த்துவிடுவது நல்லது. தேதி போட்ட ஓர் எடுத்துக்காட்டு தெளிவாக்குவதை நாலு வரி விளக்கம் தெளிவாக்காது.

இவற்றையெல்லாம் திருத்தி, மேலே காட்டிய வாக்கியத்தில் விடுபட்டுப்போன அலுவலரையும் பதிலிப் பட்டியலையும் ஆங்கில மூலத்திலிருந்து சேர்த்தால், நான்காம் விதி என்று வைத்துக்கொண்டால், இப்படி வரும்:

4. விடுப்பு முடிந்தும் பணிக்குத் திரும்பாத தொழிலாளர்

4.1 அனுமதித்த விடுப்பு முடிந்த பிறகும், விடுப்பை நீட்டித்திருந்தால் அது முடிந்த பிறகும், பணிக்கு வராத தொழிலாளருக்கு இந்த விதி பொருந்தும்.

4.2 தம் பணியிட உரிமையைக் காத்துக்கொள்ள அவர் கீழ்க்காணும் இரண்டையும் நிறைவேற்ற வேண்டும். ஒன்று: விடுப்பு முடிந்த மறுநாளிலிருந்து எண்ணி 8 நாட்களுக்குள் பணிக்குத் திரும்ப வேண்டும். இரண்டு: விடுப்பு முடிவதற்குள் ஏன் திரும்ப முடியவில்லை என்பதை நிர்வாகத்திடமோ, நிர்வாகம் இதற்கென நியமித்த அலுவலரிடமோ விளக்க வேண்டும், அந்த விளக்கம் அவர்களுக்கு ஏற்புடையதாக இருக்க வேண்டும்.

4.3 இரண்டில் எந்த ஒன்றை நிறைவேற்றாவிட்டாலும் அவர் தம் பணியிட உரிமையை இழப்பார்.

4.4 அவ்வாறு இழந்தவருக்குப் பதிலிப் பட்டியலில் இடம்பெறும் உரிமை உண்டு.

எடுத்துக்காட்டு: விடுப்பு 10-ஆம் தேதியோடு முடிந்தால் 11-ஆம் தேதி முதல் நாள். 18-ஆம் தேதிக்குள் பணிக்குத் திரும்ப வேண்டும்.

இதில் பேச்சுவழக்கு எதுவும் இல்லை. ‘நிறைவேற்ற வேண்டும்’, ‘ஏற்புடையது’, ‘பொருந்தும்’ எல்லாம் அலுவலகத் தமிழ்தான். ‘பட்சத்தில்’, ‘இருப்பாரேயானால்’ போன்றவை போனதால் கம்பீரம் குறையவில்லை. அலுவல் நடைக்கு உறுதி தருவது சொல்லின் ஒழுங்கும் எண் வரிசையும்தான்.

எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் அ, ஆ என்றும், மலையாளத்தில் அதன் எழுத்துகளிலும், ஆங்கிலத்தில் ஏ, பி என்றும் உட்பிரிவு போட்டால், சங்கத்துக்காரர் கடிதத்தில் எந்தப் பிரிவைச் சொல்கிறார் என்று அலுவலகத்தில் தேட வேண்டியிருக்கும். மூன்று தாள்களிலும் 4.1, 4.2 என்று ஒரே எண்ணைப் போடுங்கள். தமிழுக்காக வாக்கியத்தை உடைத்தால் மற்ற இரண்டு தாள்களிலும் அதே உடைப்பைச் செய்யச் சொல்லுங்கள். முடியாது என்றால் தாய் எண்ணை மட்டும் வைத்து, உள்ளே எண் இல்லாமல் தனித்தனிப் பத்தியாக எழுதுங்கள்.

4.4-ஐ விட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். நிர்வாகம் தண்டனையைச் சொல்லச் சொன்னது, இது எதற்கு என்று தோன்றிவிடும். ஆனால் தொழிலாளிக்கு இந்த விதியில் கிடைக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான். இடம் போனாலும், வராதவருக்கு மாற்றாளாக நிற்கும் பதிலியாக வேலை கேட்கலாம் என்பதை மறைத்த தமிழ்த் தாள், ஆங்கில விதியைவிடக் கடுமையான விதியாகிவிடுகிறது. மலையாளத் தாளில் அந்த வரி இருந்து தமிழில் இல்லாமல் போனால், மொழியால் ஒரு பாகுபாடும் வந்து சேரும்.

தலைப்பிலும் கவனம் வேண்டும். ‘8 நாள் வராவிட்டால் பணிநீக்கம்’ என்று பெரிய எழுத்தில் போடுவது பளிச்சென்று இருக்கும், ஆனால் தவறு. பணியிட உரிமையை இழப்பதும் பணிநீக்கமும் ஒன்றல்ல. 8 நாளுக்கு மேல் வராதவரின் வேலை தானாக முடிந்தது என்ற நிலையாணையை வைத்து ஒருவரை நீக்கிய வழக்கில், 1993-இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. டி.கே. யாதவ் வழக்கு என்று அது அறியப்படுகிறது. விளக்கம் கேட்காமல், விசாரிக்காமல் ஒருவருடைய பிழைப்பைப் பறிக்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். மூலத்தில் இல்லாத அந்தத் தீர்ப்பை மொழிபெயர்ப்பவர் தாமே அறிவிப்பில் சேர்க்க முடியாது. ‘தானாகவே’, ‘உடனடியாக’, ‘எந்த அறிவிப்பும் இன்றி’ போன்ற சொற்களை மூலத்தில் இல்லாதபோது சேர்க்காமல் இருப்பது அவர் பொறுப்பு. அவை மூலத்திலேயே இருந்தால், வரைவின் ஓரத்தில் குறிப்பெழுதி நிர்வாகத்தின் சட்ட ஆலோசகரிடம் அனுப்ப வேண்டும்.

‘லாம்’ என்ற விகுதியும் சிக்கல் தரும். ‘நிர்வாகம் நடவடிக்கை எடுக்கலாம்’ என்பதை, எடுத்தாலும் எடுக்கும், எடுக்காவிட்டாலும் இல்லை என்று தொழிலாளி படிப்பார். அதிகாரத்தைச் சொல்லும் இடத்தில் ‘நடவடிக்கை எடுக்க நிர்வாகத்துக்கு அதிகாரம் உண்டு’ என்று எழுதுங்கள். தொழிலாளிக்கு அனுமதி தரும் இடத்தில் ‘லாம்’ சரியானது.

ஒட்டுவதற்கு முன்னால் இரண்டு சோதனைகள். மூல ஆங்கிலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்த் தாளை மட்டும் கொடுத்து ஆங்கிலத்தில் எழுதச் சொல்லி, மூலத்தோடு வைத்துப் பாருங்கள். நிபந்தனை ஒன்று குறைந்திருந்தால் அங்கே தெரிந்துவிடும். பிறகு மூன்று தொழிலாளர்களிடம் வாசித்துக் காட்டுங்கள்: தமிழ்வழியில் படித்தவர் ஒருவர், மலையாளவழியில் படித்தவர் ஒருவர், படிப்பு குறைந்தவர் ஒருவர். “புரிஞ்சுதுங்களா?” என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அப்படிக் கேட்காமல், “பத்தாம் தேதியோட லீவு முடியுதுங்க, என்னிக்குள்ள வரணும்?” என்று கேளுங்கள். “பதினாறாம் தேதியே வந்துட்டீங்க, ஆனா எதுவும் சொல்லலை, என்ன ஆகும்?” “இடம் போச்சுன்னா அப்புறம் வேலையே கிடையாதுங்களா?” என்றும் கேளுங்கள். மூவரும் மூன்றுக்கும் ஒரே பதில் சொல்லும்வரை தாள் பலகைக்குப் போகக் கூடாது. இரண்டாவது கேள்வியில் தடுக்கினால் 4.2-இல் ‘இரண்டையும்’ என்ற சொல்லைத் தடித்த எழுத்தில் போட்டு, மறுபடி வேறு மூவரிடம் வாசியுங்கள்.