மெதுவாக ஓடும் மோட்டர்தான் டிரான்சிஸ்டரைச் சுடும்

வெள்ளவத்தையில் என் திருத்தகத்துக்கு ஒரு மாணவன் செப்புக் கம்பி சுற்றும் சிறு யந்திரமொன்றைக் கொண்டுவந்தான். "அண்ணா, குமிழை எந்தப் பக்கம் திருப்பினாலும் மோட்டர் முழு வேகத்தில்தான் ஓடுகிறது" என்றான். அவனே செய்தது, சுற்றில் பிழையில்லை. குமிழ் தரும் மின்னழுத்தம் எல்.எம்.358 ஒப்-ஆம்புக்குப் போகிறது. அது டி.ஐ.பி.122 டிரான்சிஸ்டரின் பேஸை இயக்குகிறது. கலெக்டரில் வழங்கல், எமிட்டரில் மோட்டர், அங்கிருந்தே ஒரு கம்பி ஒப்-ஆம்பின் மறை உள்ளீட்டுக்குத் திரும்புகிறது. தன் இரு உள்ளீடுகளும் சமமாகும்வரை ஒப்-ஆம்ப் பேஸைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஆகவே குமிழ் 3 வோல்ட் என்றால் மோட்டருக்கும் 3 வோல்ட்தான். மோட்டருக்குக் குறுக்கே டயோடும் இருந்தது. டிரான்சிஸ்டர் மட்டும் வெப்பத்தகடு இல்லாமல் நின்றது.

"மெதுவாகத்தானே ஓடவிட்டேன், எப்படிச் சூடாகும்?" என்று கேட்டான். பலர் தடுக்கி விழும் இடம் இதுதான். வழங்கல் 12 வோல்ட். மோட்டர் 3 வோல்ட் எடுத்தால் மீதி 9 வோல்ட்டையும் டிரான்சிஸ்டர் தாங்க வேண்டும். 0.6 அம்பியர் ஓடும்போது அதில் 5.4 வாட் வெப்பமாகிறது. அதே மின்னோட்டத்தில் மோட்டருக்கு 9 வோல்ட் கொடுத்து வேகமாக ஓட்டினால் வெறும் 1.8 வாட். தகடில்லாத டி.ஐ.பி.122 ஒரு வாட்டுக்கு ஏறத்தாழ 62 பாகை சூடேறும். அதன் உள்ளிருக்கும் சந்தி தாங்குவதோ 150 பாகை. கொழும்பு வெயிலின் 32 பாகையிலிருந்து கணக்கிட்டால் 5.4 வாட்டுக்கு அது பிழைக்க வழியே இல்லை.

கம்பி சிக்கி மோட்டர் நின்றுவிட்டால் இன்னும் மோசம். அவனது மோட்டரின் சுருள் மின்தடை 2 ஓம். 3 வோல்ட்டில் 1.5 அம்பியர் பாயும், டிரான்சிஸ்டரில் 13.5 வாட்.

பெரிய தகடொன்றைப் பொருத்தலாம். நான் வேறு வழி சொன்னேன். ஒப்-ஆம்புக்கு 12 வோல்ட்டே இருக்கட்டும். கலெக்டருக்கு மட்டும் தனியான 6 வோல்ட் வழங்கலைக் கொடுத்து, இரண்டின் மறை முனைகளையும் இணைத்துவிடலாம். அவன் 4 வோல்ட்டுக்கு மேல் கேட்பதே இல்லை. இப்போது ஓட்டத்தில் 1.8 வாட், சிக்கினாலும் 4.5 வாட். மின்சாரத்தைக் கடத்தாத மைக்காத் தாளுடன் நடுத்தர அளவுத் தகடே போதும். மைக்காவை மறக்கக் கூடாது. டிரான்சிஸ்டரின் உலோக முதுகு கலெக்டருடன் இணைந்திருப்பதால், தகடு மறை முனையுடன் இணைந்த உலோகப் பெட்டியைத் தொட்டால் வழங்கல் குறுக்காகிவிடும்.

பழைய டிரான்சிஸ்டரைக் கழற்றி மல்டிமீட்டரை டயோட் நிலையில் வைத்து அவனிடமே கொடுத்தேன். நல்ல டி.ஐ.பி.122 என்றால், உள்ளே டயோட் இருப்பதால் கலெக்டர், எமிட்டர் இடையே ஒரு திசையில் மட்டும் அரை வோல்ட் அளவு காட்டும். இவனுடையது இரு திசையிலும் பூச்சியம் காட்டிக் கீச்சிட்டது. கலெக்டரும் எமிட்டரும் உருகி ஒட்டியபின் ஒப்-ஆம்ப் என்ன சொன்னாலும் மோட்டருக்கு முழு 12 வோல்ட்தானே போகும்.