போன் தொலைந்தபின் கஸ்டமர் கேரை அழைக்கும் முன்

சேலம் அஸ்தம்பட்டியில் மாற்றுச் சிம் வழங்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். போனைத் தொலைத்துவிட்டு வருகிறவர்களில் பெரும்பாலானோர் எங்கள் கடைப் போனிலிருந்தே கஸ்டமர் கேரை அழைத்து எண்ணை முடக்கப் பார்க்கிறார்கள். மறுமுனையில் கேட்கப்படும் விவரங்கள் எல்லாம் தொலைந்த போனுக்குள்ளேயே இருப்பதுதான் அவர்கள் சந்திக்கும் முதல் சிக்கல்.

நாகலூர்ப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் அம்மா, ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கும் பேருந்தில் போனைப் பறிகொடுத்துவிட்டு வந்தார். அழைப்பை எடுத்த பெண் முதலில் கேட்டது, சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதை. அவர் தம் பெயரைச் சொன்னார், பொருந்தவில்லை. அந்தச் சிம்மை ஆறேழு ஆண்டுகளுக்கு முன் அண்ணன் மகன் தன் ஆதாரைக் கொடுத்து வாங்கித் தந்திருந்தார். கடைசி ரீசார்ஜ் எவ்வளவு, என்றைக்குச் செய்தது என்று கேட்டதற்கும், கடைக்காரரிடம் பணத்தைக் கொடுத்தேன், அவரே போட்டுவிட்டார் என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. எண்ணை முடக்க மறுத்துவிட்டார்கள். நான் அதைக் குறை சொல்ல மாட்டேன். பெயரும் ரீசார்ஜும் தெரியாத ஒருவரின் பேச்சை நம்பி எண்ணை முடக்கினால், நாளை யார் வேண்டுமானாலும் யாருடைய எண்ணையும் முடக்கிவிடலாம். கடைசியில் திருப்பூரில் இருந்த அண்ணன் மகனே அழைத்து, பிறந்த தேதியையும் விண்ணப்பத்தில் உள்ள முகவரியையும், தோட்டத்துக் கடைக்காரரிடம் கேட்டறிந்த ரீசார்ஜ் தொகையையும் சொன்ன பிறகே எண் முடக்கப்பட்டது. அதற்குள் பிற்பகலாகிவிட்டது.

ஆகவே முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் சிம் யார் பெயரில், எந்த அடையாள அட்டையின் பேரில் வாங்கப்பட்டது என்பதே. வேறொருவர் பெயரில் இருந்தால், மாற்றுச் சிம் வாங்கவும் அவரே மூல அடையாள அட்டையோடு நேரில் வந்தாக வேண்டும். போன் கையில் இருக்கும்போதே பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. ரீசார்ஜைக் கடையில் செய்பவர்கள், செய்த அன்றே தேதியையும் தொகையையும் வீட்டு நாட்காட்டியில் குறித்து வைத்தால் போதும்.

அடுத்து குறித்து வைக்க வேண்டியது சிம்மின் வரிசை எண். அது 19 அல்லது 20 இலக்கம் கொண்டது; நம் நாட்டுச் சிம்களில் 8991 என்று தொடங்கும். சிம்மின் மேலேயே பொடி எழுத்தில் இருக்கும். சிம்மைப் பிய்த்து எடுத்த பெரிய அட்டையிலும் பெரும்பாலும் இருக்கும், ஆனால் அந்த அட்டையைத்தான் எல்லோரும் அன்றைக்கே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள்.

ஐஎம்இஐ எண் சிம்முக்கு உரியது அன்று, போனுக்கு உரியது. இதில்தான் பலர் குழம்புகிறார்கள். எண்ணை முடக்குவது தொலைத்தொடர்பு நிறுவனம். கருவியை முடக்க, காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதன் நகலோடு அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே கேட்கப்படுவது இந்த 15 இலக்க எண். *#06# என்று அழுத்தினால் திரையில் வரும்; பெட்டியின் ஸ்டிக்கரிலும் இருக்கும். இரண்டு சிம் போடும் போனுக்கு இரண்டு ஐஎம்இஐ உண்டு என்பதால் இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்த விண்ணப்பத்துக்கான ஓடிபி, தொலைந்த எண்ணுக்கு வாங்கிய மாற்றுச் சிம்முக்கே வரும்; ஆனால் மாற்றுச் சிம் இயங்கத் தொடங்கி 24 மணி நேரம் வரை அதில் எஸ்எம்எஸ் வராது. வங்கி ஓடிபியும் அதுவரை வராது என்பதால், அன்றைய பணப் பரிமாற்றத்துக்கு வேறு வழி பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

அழைக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 198 என்பது எந்த நிறுவனத்தின் சிம்மிலிருந்து அழைக்கிறோமோ அந்த நிறுவனத்துக்கே போகும். பக்கத்து வீட்டுக்காரர் வேறு நிறுவனச் சிம் வைத்திருந்தால் பயனில்லை. வெளியிலிருந்து அழைப்பதற்கு உங்கள் நிறுவனம் தந்துள்ள முழு எண்ணையும் எழுதி வைத்திருக்க வேண்டும். பேசி முடிக்கும்போது புகார் எண்ணை வாயால் சொல்லச் சொல்லித் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் என்பார்கள், ஆனால் அது போய்ச் சேர்வது தொலைந்த எண்ணுக்குத்தானே.

இந்த விவரங்களையெல்லாம் நீங்கள் அழைக்கும்போது மட்டுமே சொல்ல வேண்டும். கஸ்டமர் கேரிலிருந்து பேசுவதாகச் சொல்லி உங்களை அழைத்து, சிம் அப்டேட்டுக்காகச் சிம்மின் வரிசை எண்ணையோ ஓடிபியையோ கேட்பவர், உங்கள் எண்ணைத் தம் கையிலுள்ள சிம்முக்கு மாற்றிக்கொள்ள முயல்பவராக இருக்கலாம். சொல்லிவிட்ட பிறகு, சிக்னல் நன்றாகக் கிடைக்கும் இடத்திலேயே அது திடீரென மறைந்து திரும்பாமல் இருந்தால், மலையில் டவர் கோளாறு என்று காத்திராமல், வேறொரு போனிலிருந்து நிறுவனத்தையும் வங்கியையும் அழைத்து எண்ணையும் வங்கிக் கணக்கையும் முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930-ஐ அழையுங்கள்.