இருமல் அடக்கி, சளி வெளியேற்றி, சளி இளக்கி

பிரான்சைச் சேர்ந்த ரெயூனியன் தீவில் மருந்துக்கடைக்குப் போய் இருமலுக்கு ஒரு ‘சிரோ’, அதாவது சிரப், கேட்டால், புட்டியை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி வரும்: ‘தூ செஷ்’ஆ, ‘தூ கிராஸ்’ஆ? வறட்டு இருமலா, சளி இருமலா என்று கேட்கிறார்கள். இதற்கு யோசித்துப் பதில் சொல்ல வேண்டும். சிரோ என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும் மருந்துகள் விற்கின்றன.

முதல் வகை ஆன்டிடஸ்ஸிவ். லத்தீனில் ‘துசிஸ்’ என்றால் இருமல். தமிழில் இருமல் அடக்கி என்பது சரியான சொல். இது மூளைத்தண்டில் இருமலைக் கிளப்பும் நரம்புகளை மட்டுப்படுத்துகிறது, சளியைத் தொடுவதே இல்லை. நெஞ்சில் சளி நிறைய இருப்பவர் இதைக் குடித்தால் இருமல் குறையும், சளி உள்ளேயே தங்கிவிடும்.

எக்ஸ்பெக்டரன்ட் என்பதில் ‘பெக்துஸ்’, அதாவது மார்பு, இருக்கிறது. மார்பிலிருந்து வெளியே தள்ளுவது என்று பொருள், ஆகவே சளி வெளியேற்றி. குவைஃபெனசின் இந்த வகை. சுவாசக்குழாய்ச் சுரப்பில் நீரைக் கூட்டி, இருமும்போது சளி எளிதாக வர உதவுகிறது. மியூகோலிடிக்கில் வரும் ‘லைசிஸ்’ கிரேக்கச் சொல், அவிழ்த்தல் என்று பொருள். சளி கரைப்பான் என்று எழுதுவோர் உண்டு. எனக்குச் சளி இளக்கிதான் பொருத்தமாகப் படுகிறது. ஏனென்றால் இந்த வகை மருந்தான அசிட்டைல்சிஸ்டீன் சளியைக் கரைப்பதில்லை. சளியின் நீண்ட புரத இழைகளைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளை அறுத்து, அதன் பிசுபிசுப்பைக் குறைக்கிறது. இதே வரிசையில் உள்ள புரோம்ஹெக்சினின் மூலம் நம் ஆடாதோடை இலைதான். அதிலுள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்து அதைச் செய்தார்கள். உடல் அதை மாற்றும்போது கிடைப்பது அம்ப்ராக்சால். இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளால் இளகிய சளியை இருமி வெளியேற்ற முடிவதில்லை. அதனால் 2010 முதல் பிரான்சிலும் இங்கும் அசிட்டைல்சிஸ்டீனும் அதே வகையான கார்போசிஸ்டீனும் அவர்களுக்குக் கூடாது.

சரி, இருமல் அடக்கிகளுக்கே திரும்புவோம். கோடீனும் டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனும் இந்த வகையில் பிரபலமானவை. 2017 ஜூலையில் பிரெஞ்சு அரசு இரண்டையும் ஒரே ஆணையில் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதென்று ஆக்கியது. பதின்ம வயதினர் இவற்றைச் சோடாவில் கலந்து போதைக்குக் குடித்ததே காரணம். சட்டம் ஒன்றுதான் என்றாலும் மருந்துகள் வேறு.

கோடீன் என்ற பெயர் ‘கோடெயா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கசகசாச் செடியின் காய் என்று பொருள். 1832இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரொபிகே அதை அபினிலிருந்து பிரித்தெடுத்தார். அது ஓப்பியாய்டு, அதாவது அபினைப் போல் வேலை செய்யும் மருந்து, அதன் ஒரு சிறு பகுதியை ஈரலில் CYP2D6 என்ற நொதி மார்ஃபினாக மாற்றுகிறது. மலச்சிக்கல், மயக்கம், மூச்சு மந்தமாவது எல்லாம் அந்த வழியில் வருபவை. டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் அதே குடும்பத்து மூலக்கூறு வடிவம் கொண்டது, ஆனால் ‘டெக்ஸ்ட்ரோ’ என்றால் வலம், இது வலஞ்சுழி வடிவம். இதன் கண்ணாடிப் பிம்பமான இடஞ்சுழி வடிவம் வலுவான ஓப்பியாய்டு. வலஞ்சுழி வடிவமோ வழக்கமான அளவில், நரம்பணுவில் ஓப்பியாய்டு போய் ஒட்டும் இடமான ஓப்பியாய்டு ஏற்பியில் சரியாகப் பொருந்துவதில்லை. அது NMDA என்ற வேறோர் ஏற்பியைத் தடுக்கிறது, சிக்மா ஏற்பியைத் தொடுகிறது, செரடோனின் என்ற மூளை வேதிப்பொருளையும் கூட்டுகிறது.

ஒரு உதாரணத்தைப் பார்ப்போம். மனச்சோர்வுக்கு பராக்செட்டின் சாப்பிட்டு வரும் ஒருவருக்கு வறட்டு இருமல். பராக்செட்டின் CYP2D6ஐ அடைத்துவிடும். அவர் கோடீன் எடுத்தால் மார்ஃபின் குறைவாகவே உருவாகும், பலனும் குறையலாம். டெக்ஸ்ட்ரோமெதார்ஃபன் எடுத்தால் கதை நேர்மாறு: அதைச் சிதைப்பதும் இதே நொதிதான், ஆகவே மருந்து உடலில் சேர்ந்துகொண்டே போகும். பராக்செட்டினும் செரடோனினைக் கூட்டுவதால் இரண்டும் சேர்ந்து வியர்வை, நடுக்கம், பதற்றம், வயிற்றுப்போக்கு, வேகமான இதயத்துடிப்பு, தசைத் துள்ளல் எனத் தொடங்கலாம். இது செரடோனின் நச்சு, உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். அதற்குத் துப்பு தரும் அடையாளம், கண்மணி விரிந்திருப்பது. கோடீன் மிகையானால் கண்மணி ஊசிமுனை போல் சுருங்கும், ஆள் தூங்கி வழிவார், மூச்சு குறையும். அங்கே ஓப்பியாய்டை முறிக்கும் நலாக்சோன் ஊசி வேலை செய்யும், டெக்ஸ்ட்ரோமெதார்ஃபனுக்கு அதை நம்பியிருக்க முடியாது.

சிலருக்குப் பிறவியிலேயே CYP2D6 மிக வேகமாக வேலை செய்யும். அவர்களுக்குச் சாதாரண அளவுக் கோடீனே அளவுக்கு மீறிய மார்ஃபினாக மாறிவிடும். இது யாருக்கு இருக்கிறதென்று வெளியே பார்த்துத் தெரியாது. 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் கோடீன் கூடாதென்று தடை வைத்திருப்பது இதனால்தான். ஆகவே மருத்துவர் சீட்டு எழுதும்போது, இருமல் எப்படிப்பட்டது என்பதோடு, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் பெயர் சொல்லித் தெரிவியுங்கள்.