வெளிறிய பில்லில் பேனா வைக்காதீர்கள்

கிளிநொச்சியில் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தின் கணக்குகளைப் பார்க்கிறேன். ஒட்டுசுட்டானில் நடந்த பயிற்சிக்குத் தேநீர்ச் சாமான்கள் வாங்கிய கள உத்தியோகத்தர் ஒருவர், பில்லை மோட்டார் சைக்கிள் இருக்கைக்குக் கீழே மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு வைபரில் படமெடுத்து அனுப்பினார். கூடவே ஒரு கேள்வி: “அண்ணா, மங்கிய இலக்கங்களுக்கு மேல் பேனாவால் எழுதி அனுப்பட்டுமா?”

“வேண்டாம் தங்கச்சி. எழுதினால் அது கடைக்காரரின் பில் இல்லை, உங்கள் பில்” என்றேன்.

பில் அச்சான இந்த வெப்பத் தாளில் மை கிடையாது. தாளின் மேற்பூச்சில் நிறமற்ற சாயமும் அதைக் கறுக்கவைக்கும் அமிலப் பொருளும் இருக்கின்றன. இயந்திரத்தின் சூடான தலை பட்ட இடத்தில் இரண்டும் உருகிச் சேர்வதால் எழுத்து தெரிகிறது. அவை பிரிந்தால் எழுத்து மறைந்துவிடும். வெயிலும் வெளிச்சமும் மட்டுமல்ல, கைச்சுத்திகரிப்புத் திரவமும், பிளாஸ்டிக் உறையும், ஏன், நாம் பில்லை வெள்ளைத் தாளில் ஒட்டப் பயன்படுத்தும் செலோடேப்பும் கூட எழுத்தைக் கெடுத்துவிடும். அழிந்த எழுத்துக்கு மேலேயே டேப் ஒட்டி அனுப்புகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்துவிட்டது. ஸ்திரிப்பெட்டியால் சூடாக்கிப் பார்ப்பது அதைவிட மோசம்: எஞ்சிய வெள்ளைப் பகுதியும் கறுத்துப்போகும்.

அவரை மீண்டும் படமெடுக்கச் சொன்னேன். பில்லின் பின்பக்கத்தில் விளம்பரம் இருந்ததால் கீழே ஒரு கறுப்புத் தாள். இல்லாவிட்டால் பின்னெழுத்தும் ஊடுருவித் தெரியும். பிளாஷ் வேண்டாம், யன்னல் பக்க வெளிச்சம் போதும். படத்தை வைபரில் சாதாரணப் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும் என்பதால் கோப்பாக அனுப்பச் சொன்னேன். அதன் பிரதி ஒன்றில்தான் கறுப்பு வெள்ளை வேறுபாட்டைக் கூட்டினேன். தொலைபேசியின் ‘ஆவண’ வடிகட்டி எனக்குப் பிடிக்காது. மங்கிய கோட்டை ஒன்றில் முழுக் கறுப்பாக்கும், அல்லது துடைத்துவிடும்; 8 இருந்த இடத்தில் 3 நிற்கும்.

படத்தில் தெரிந்தவற்றை ஒரு தனித்தாளில் எழுதினேன். சுவடே இல்லாத இலக்கத்துக்கு □, தெரிந்தும் நிச்சயமில்லாததற்கு அடைப்புக்குறி.

```
சீனி      5 x   2□5.00 = 1,□25.00
தேயிலை   2 x   780.00 = 1,560.00
பால்மா    3 x 1,1□0.00 = 3,4□0.00
பிஸ்கட்  12 x   120.00 = 1,440.00
மொத்தம்               = 7,8[0]5.00
காசு                   = 8,000.00
மீதி                    =   1[9]5.00
```

மொத்தத்தில் அந்த 0 எனக்கு 6 ஆகவும் 8 ஆகவும் கூடத் தோன்றியது. கீழ்ப்பக்க வளைவு மட்டும் தெளிவு. இனிக் கண்ணை விட்டுவிட்டுக் கணக்குக்கு வரலாம்.

சீனியின் தொகை 25 இல் முடிய வேண்டுமானால் ஒரு கிலோவின் விலை 205, 225, 245, 265, 285 ஆகியவற்றில் ஒன்று. பால்மாவின் தொகை 3,4□0 ஆக வருவதற்கு விலை 1,140, 1,150, 1,160 மூன்றில் ஒன்று. தேயிலையும் பிஸ்கட்டும் சேர்ந்து சரியாக 3,000. ஆகவே சீனியும் பால்மாவும் சேர்ந்து 4,8□5 ஆக வேண்டும். எல்லாச் சோடிகளையும் கூட்டிப் பார்த்தால் மூன்றுதான் பொருந்துகின்றன: 285 உடன் 1,140 (மொத்தம் 7,845), 285 உடன் 1,150 (7,875), 265 உடன் 1,160 (7,805). 4 இலும் 7 இலும் கீழ்வளைவு இல்லை. எனவே 7,805. மீதி 195 வர வேண்டும். அங்கே தெரிந்த இலக்கத்தில் மேலே ஒரு வளையம் இருந்தது. 155, 125 இரண்டிலும் அது இராது.

இங்கே ஒரு விடயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். சீனி விலையின் 6 ஐ நான் வாசிக்கவில்லை, கணித்தேன். அதனால் தனித்தாளில் அந்தப் பெட்டிக்குள் சிவப்பு மையால் எழுதி, ‘கணிப்பு’ என்று ஓரத்தில் குறித்தேன். மொத்தத்தின் 0 க்கு அடைப்புக்குறி அப்படியே நின்றது. அது பாதி கண், பாதி கணக்கு. கூட்டல் இரண்டு விடைகளை விட்டிருந்தால் குறைந்த தொகையைத்தான் கோரச் சொல்லியிருப்பேன், மற்றதையும் பக்கத்தில் எழுதி.

திகதிக்கு இந்த வித்தை உதவாது. எந்த இலக்கத்தோடும் அது கூட்டிக் கழிக்கப்படுவதில்லை. படமெடுத்த திகதி வாங்கிய திகதியும் அல்ல. ஆகவே □□ என்றே விட்டு, பயிற்சியின் வரவுப் பதிவேட்டை இணைத்தோம். பில் இலக்கம் தப்பியிருந்ததால் அவர் புதுக்குடியிருப்புக் கடைக்குப் போய் மறுபிரதி கேட்டார். அடுத்த வாரம் வந்தது: 7,805.00, திகதியோடு. அதுவும் அதே வகைத் தாள்தான். கோவையில் வைக்கும் முன் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டேன்.