வாட்ச் வாரில் புளித்த வாடை: தோலுக்குள் உட்கார்ந்திருக்கும் வேர்வையை வெளியே எடுப்பது எப்படி

என் வாட்ச் வார் கன்றுத்தோல், பழுப்பு நிறம், 18 மி.மீ. அகலம். சென்னை வெயிலில் பத்து மாதம் கையில் கிடந்தபின் அதற்கு இரண்டு கோளாறு. கழற்றி மேசைமேல் வைத்தால் நிமிராமல் மணிக்கட்டு வளைவிலேயே விறைத்து நின்றது. உட்பக்கத்தை மூக்கருகே கொண்டுபோனால் பழைய சீஸ் வாடை. இதை இரண்டு பிரச்சினையாக நினைத்து, வாடைக்கு ஆப்பசோடாவும் விறைப்புக்குத் தேங்காய் எண்ணெயும் போட்டேன். இரண்டும் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காரணம், இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். வேர்வை தோலுக்குள் சிலவற்றை விட்டுப்போகிறது; போகும்போது ஒன்றை எடுத்துக்கொண்டும் போகிறது.

எடுத்துக்கொண்டு போவது எண்ணெய். தோல் என்பது கொலாஜன் என்ற புரத நார்கள் பின்னிக் கிடக்கும் ஒரு பாய். ஆவாரம்பட்டை போன்ற துவர்ப்புச் சாறிலோ குரோம் உப்பிலோ பதனிட்டால் அந்த நார்கள் அழுகாது. ஆனால் அப்படியே காயவிட்டால் பலகைபோல் ஆகிவிடும். அதனால் ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோலைக் காயவைக்கும் முன்பு, தண்ணீரில் கரையும்படி பக்குவப்படுத்திய எண்ணெயை டிரம்மில் போட்டு ஊட்டுவார்கள். தொழிலில் அதற்கு ‘ஃபேட் லிக்கர்’ என்று பெயர். சேமியாவை வடித்ததும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டுப் பிசறுகிறோமே, அதே வேலைதான். விடாவிட்டால் ஆறியதும் ஒரே கட்டி. தினமும் நனைந்து நனைந்து காயும் வாரில் இந்த எண்ணெய் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. பிறகு ஒவ்வொரு முறை காயும்போதும் நாரோடு நார் ஒட்டிக்கொள்கிறது.

விட்டுப்போவது உப்பு, யூரியா, லாக்டிக் அமிலம், கூடவே உதிர்ந்த தோல் செதில். உப்பைத் தவிர மற்றவை பாக்டீரியாவுக்கு விருந்து. புது வேர்வைக்கு அவ்வளவாக வாடை கிடையாது. பாக்டீரியா தின்று கழித்த பிறகே நாற்றம் வருகிறது. சீஸ் வாடைக்குப் பெரிய காரணம் ஐசோவாலெரிக் அமிலம் என்ற ஒன்று. சாக்ஸில் வருவதும் இதேதான்.

ஆப்பசோடா என்னை ஏமாற்றியதும் இங்கேதான். சோடா காரம். அது அந்த அமிலத்தை உப்பாக மாற்றுகிறது. உப்பு காற்றில் ஆவியாகாது, அதனால் மூக்குக்கு எட்டாது. நாற்றம் போய்விட்டது என்று நினைப்போம். ஆனால் சரக்கு உள்ளேயேதான் இருக்கிறது. தோல் இயல்பிலேயே லேசான அமிலத்தன்மை உள்ளது. மேலே புது வேர்வையும் இறங்குகிறது. உப்பு மறுபடி அமிலமாகி பழைய வாடை திரும்புகிறது. போதாக்குறைக்கு, காரம் பட்டால் துவர்ப்புச் சாறில் பதனிட்ட தோல் கறுத்துவிடும். வினிகர் இதற்கு நேர் எதிர்: அம்மோனியா நெடியை அடக்கும், சீஸ் வாடையைக் கிளப்பிவிடும். சானிடைசரும் வேண்டாம், மேல்பூச்சையும் சாயத்தையும் கரைத்துவிடும்.

சாதாரண உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது தானாகவே ஈரத்தை இழுத்துக் கசியும். ஐப்பசி மழையில் உப்பு ஜாடி கசகசப்பதைப் பார்த்திருப்பீர்கள். உப்பேறிய வாரும் அப்படித்தான்: இரவெல்லாம் சும்மா கிடந்தும் காலையில் பிசுபிசுவென்று இருக்கும், பாக்டீரியாவுக்குத் தண்ணீர்ப் பஞ்சமே இல்லை.

ஆக, முதல் வேலை உள்ளே இருப்பதை வெளியே இழுப்பது. அதற்கு வாரை ஊறப்போடக் கூடாது. பெரும்பாலான வாட்ச் வார்கள் இரண்டு அடுக்கை ஒட்டி, நடுவே அட்டையோ ஃபோமோ வைத்துத் தைத்தவை. ஊறினால் உப்பிப் பிரிந்துவிடும். நான் வாரை வாட்சிலிருந்து கழற்றினேன். ஒரு டம்ளர் குடிநீரில் குழந்தை ஷாம்பு மூன்று சொட்டு விட்டேன். (சோப்புக் கட்டி காரம், அதனால் தொடவில்லை. போர் தண்ணீரும் வேண்டாம், அதிலேயே உப்பு இருக்கிறது.) துணியை நனைத்து நன்றாகப் பிழிந்து உட்பக்கத்தைத் துடைத்தேன். பிறகு வெறும் தண்ணீரில் நனைத்த துணியால் இரண்டு முறை.

அதன்பின் செய்ததுதான் முக்கியம். வெள்ளை டிஷ்யூ காகிதத்தை நாலாக மடித்து, நனைத்துப் பிழிந்து, உட்பக்கத்தில் இடைவெளி இல்லாமல் அழுத்தி ஒட்டி, ஃபேன் காற்றில் விட்டேன். காகிதத்தின் ஈரம் தோலுக்குள் இறங்கி உப்பையும் அமிலத்தையும் கரைக்கிறது. காயும்போது ஈரம் ஆவியாகும் பக்கம் நோக்கி நகர்கிறது. அந்தப் பக்கம் இப்போது காகிதம். கரைந்தவை அதில் போய்த் தங்கிவிடுகின்றன. உப்புப் பூத்த பழைய கற்சிற்பங்களுக்குக் காகிதக் கூழ் அப்பி உப்பை எடுப்பதும் இதே முறைதான். நான்கு மணி நேரம் கழித்து உரித்தபோது காகிதத்தில் டீக்கறை நிறத்தில் வாரின் அச்சு, ஓரங்களில் அடர்ந்த கோடு. இரண்டாம் முறை வெளிர் மஞ்சள். மூன்றாம் முறை ஏறக்குறைய வெள்ளை. அத்தோடு நிறுத்தினேன்.

இனி விறைப்பு. வார் தொட்டால் சில்லென்று இருக்கும், ஆனால் விரலில் ஈரம் ஒட்டாது. அந்தப் பாதி காய்ந்த பதம்தான் சமயம். நார்கள் இன்னும் ஒட்டிக்கொள்ளாத நேரம் அது. அப்போது இரண்டு விரலால் முன்னும் பின்னும் வளைத்து, நீளவாக்கில் மெல்ல உருவிக்கொடுக்க வேண்டும். தொழிற்சாலையில் இதைச் செய்ய ‘ஸ்டேக்கிங்’ இயந்திரமே இருக்கிறது. அந்தப் பதத்திலேயே தோலுக்கான கண்டிஷனரை இரண்டு மூன்று சொட்டு துணியில் எடுத்து, வெளிப்பக்கம் மட்டும் தடவினேன். நார்களுக்கு நடுவே தண்ணீர் விட்டுப்போகும் இடத்துக்கு எண்ணெய் வரும். பிறகு ஒரு சிறிய பாட்டிலில் சுற்றி, நிழலில் ஒரு நாள். வெயிலும் ஹேர் டிரையரும் கூடாது. ஈரத்தோடு சூடு பட்டால் கொலாஜன் சுருங்கும், அது திரும்பி விரியாது.

தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைவதால் மார்கழியில் வெள்ளையாகப் பூக்கும். நல்லெண்ணெய் நாளடைவில் காற்றுபட்டுப் பிசுக்காகும். எந்த எண்ணெயானாலும் அளவு மீறினால் வாட்ச் வாரின் பசை இளகும்.

பெல்ட்டுக்கும் இதே வரிசைதான். வெட்டிய ஓரத்தைப் பாருங்கள்: முழுக்கப் பழுப்பாக, ஒரே துண்டாக இருந்தால் வாரைவிடக் கொஞ்சம் தாராளமாக நனைக்கலாம். அடுக்கடுக்காகத் தெரிந்தால் வாரைப்போலவே ஜாக்கிரதை. மேலே படலம் உரிந்து, அடியில் துணி தெரிந்தால் அது தோலே இல்லை, ரெக்ஸின். எண்ணெய் விட்டுப் பயனில்லை. பித்தளை பக்கிளுக்குப் பக்கத்தில் பச்சையாக மெழுகுபோல் இருப்பது, தோலின் கொழுப்பு செம்போடு சேர்ந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டி எடுத்துவிட்டு மற்றதைத் தொடங்குங்கள். வளைக்கும்போது மேல்தோல் வெடித்து, தூள் உதிர்ந்தால் நார்களே அறுந்துவிட்டன. அதை எந்தக் கண்டிஷனரும் ஒட்டவைக்காது.

வாடை போனதா என்று மூக்கை நம்பக் கூடாது, ஐந்து நிமிடத்தில் பழகிவிடும். வாரை ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, ஒரு மணி நேரம் கழித்து, வீட்டில் வேறொருவரைத் திறந்து முகர்ந்து பார்க்கச் சொன்னேன். “செருப்புக் கடை வாசனைதான் வருது” என்றாள் மனைவி. பக்கிள் மாட்டும் மடிப்புக்குள் மட்டும் இன்னும் கொஞ்சம் புளிப்பு இருந்தது. அந்த மடிப்புக்கு டிஷ்யூவை மெல்லிய திரியாக முறுக்கி இன்னொரு முறை செருக வேண்டியிருந்தது.