பில் தொகையை முழு ரூபாயாக்கும்போது பைசா எங்கே போகிறது?

காரைக்குடி வட்டாரத்தில் கடைகளுக்குக் கணக்கு எழுதித் தருவது என் தொழில். இந்த ஆண்டில் மூன்றாவது முறையாக ஒரே கோளாற்றை ஒரு கடையின் பேரேட்டில் பார்த்துவிட்டதால் இதை எழுதுகிறேன்.

25 பைசாவும் அதற்குக் கீழ்ப்பட்ட நாணயங்களும் 2011 ஜூன் 30-உடன் செல்லாதவையாகிவிட்டன. 50 பைசா இன்றும் செல்லும் என்றாலும் எந்தக் கல்லாவிலும் அதைக் காண முடிவதில்லை. ஆகவே ரொக்க பில்லை முழு ரூபாயாக்குவதில் தவறில்லை. எப்படி ஆக்குகிறோம், வித்தியாசத்தை எங்கே எழுதுகிறோம் என்பதில்தான் தவறு நேர்கிறது.

நான் பார்த்தது ஓர் ஆச்சி நடத்தும் பலகாரக் கடை. ஒரு மாதத்தில் சுமார் 5,800 பில்கள் போட்டிருந்தார்கள். பில்லில் வந்த பைசா வித்தியாசங்களையெல்லாம் அனாமத்தில் தள்ளியிருந்தார்கள். அந்த அனாமத்தைப் பிரித்துப் பார்த்தபோது, ஏறத்தாழ 2,800 ரூபாய் வரவாக நின்றது. கேட்டதற்கு ஆச்சி, “பைசாவில் என்ன இருக்கிறது தம்பி, கூடுவதும் குறைவதும் கடைசியில் சரியாகிப் போகும்” என்றார்கள்.

இந்த ஒரு வாக்கியத்தைத்தான் எல்லாக் கடைகளிலும் கேட்கிறேன். கூடுவதும் குறைவதும் இருந்தால்தான் சரியாகும். 49 பைசா வரை கீழேயும் 50 பைசா முதல் மேலேயும் தள்ளினால், ஒரு பில்லில் சில பைசா கூடும், அடுத்ததில் சில பைசா குறையும். இவை ஒன்றையொன்று பெரும்பாலும் கழித்துவிடும். பைசாக்கள் கலந்து வரும் கடையில் 5,800 பில் போட்டாலும் மாதக் கடைசியில் மிஞ்சுவது பெரும்பாலும் ஐம்பது ரூபாய்க்குள், வரவாகவோ பற்றாகவோ நிற்கும். (எடையும் விலையும் அமைந்த விதத்தில் பெரும்பாலான பில்கள் 50 பைசாவிலேயே முடியும் கடையாக இருந்தால், வரவுப் பக்கம் ஏறத்தான் செய்யும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.) 2,800-ஐ 5,800-ஆல் வகுத்தால் பில்லுக்கு 48 பைசா வருகிறது. பைசா கலந்து வரும் இந்தக் கடையில், ஒவ்வொரு பில்லும் மேல்நோக்கியே தள்ளப்பட்டால் மட்டும்தான் அப்படி வரும். பில் போடும் தம்பி, சில்லறை இல்லையென்று டாலியில் `Upward Rounding` வைத்திருந்தார்.

இதில் ஆச்சிக்கு லாபம் என்று நினைக்க வேண்டாம். 70 ரூபாய் எம்.ஆர்.பி. அச்சிட்ட அதிரசப் பொட்டலத்துக்கு, வரிக்கு முந்தைய விலை 66.67, மத்திய வரி 1.67, மாநில வரி 1.67 என்று 5 சதவீதக் கணக்கில் வரும். கூட்டினால் 70.01. அந்த ஒரு பைசாவுக்காகப் பில் 71 ரூபாயானது. அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது எடையளவுச் சட்டப்படி குற்றம், அதற்குப் பில்லே சாட்சியாகிவிடும்.

சரியான முறையை ஓர் உதாரணத்தில் சொல்கிறேன். கிலோ 470 ரூபாய் அதிரசம், முக்கால் கிலோ: விலை 352.50, இரண்டு வரிகளும் தலா 8.81, மொத்தம் 370.12. ரொக்கப் பற்று 370.00, `Round Off` பற்று 0.12, விற்பனை வரவு 352.50, வரிகள் வரவு 17.62. விற்பனையையும் வரியையும் தொடவே கூடாது. மொத்தம் முழுதாக வரட்டும் என்று வரியைத் திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், பில்லில் உள்ள வரியும் ரிட்டர்னில் காட்டும் வரியும் அங்கேதான் பிரிகின்றன. பில்லில் ஒவ்வொரு சரக்கின் தொகையையும் தனித்தனியே முழுதாக்குவதும் வேண்டாம். இறுதித் தொகையில் ஒரே ஒரு முறை போதும்.

டாலியில் இந்த `Round Off` கணக்கை மறைமுகச் செலவின் கீழ் தனிப் பெயரில் திறந்து, இப்படி அமையுங்கள்:

```
Type of Ledger  : Invoice Rounding
Rounding Method : Normal Rounding
Rounding Limit  : 1
```

ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயம் இல்லையென்று வாடிக்கையாளருக்கு விட்டுக்கொடுப்பதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது தள்ளுபடி. சேர்த்தால் இந்தக் கணக்கின் இருப்பு எதையும் காட்டாமல் போய்விடும். யு.பி.ஐ.யில் பைசாவோடு செலுத்த முடியும் என்றாலும், ரொக்கத்துக்கு முழுதாக்கிய அதே தொகையையே அங்கும் கேளுங்கள். 370 என்று பில் போட்டுவிட்டு 370.12 வாங்கினால் வங்கிக் கணக்கு ஒத்துவராது.

மாதக் கடைசியில் ஐந்தொகைக்கு உட்காரும் முன் இந்த இருப்பை பில் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். பில்லுக்கு 50 பைசாவைத் தாண்டினால், பில் தொகைக்குச் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பணம் அதில் கலந்திருக்கிறது. ஆச்சியின் கடையில் அமைப்பை மாற்றிய அடுத்த மாதம் இருப்பு 19 ரூபாய் பற்றாக வந்தது.